டை அடித்த தலைக்கு முதலில் ஒரு கைத் தண்ணீர் போதும்

எங்கள் பார்லருக்கு வருகிறவர்களிடம், “வீட்டில் டை அடித்தால் எப்படி அலசுவீர்கள்?” என்று கேட்பது என் வழக்கம். பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். “ரொம்ப அலசினால் கலர் போய்விடுமே, அதனால் நாலு மக் தண்ணீரோடு விட்டுவிடுவேன்” என்பார்கள் சிலர். “நேராக ஷாம்பு போட்டுத் தேய்த்துவிடுவேன்” என்பார்கள் சிலர். மூன்றாவது கொஞ்சம் வேடிக்கையானது. “எமல்சிஃபை பண்ணணும் என்று வீடியோவில் சொன்னார்கள், அதனால் டையையும் டெவலப்பரையும் கிண்ணத்தில் நன்றாக அடித்துக் கலக்கிவிட்டேன்” என்று ஒருவர் சொன்னார்.

எமல்சிஃபை என்ற சொல் இப்போது எல்லார் வாயிலும் இருக்கிறது. ஆனால் அது எந்த நேரத்தில் செய்வது, ஏன் செய்வது என்பதில்தான் குழப்பம். கிண்ணத்தில் கலக்குவதற்கு அந்தப் பெயர் இல்லை. டை ஊறி முடிந்தபின், அலசுவதற்கு முன், தலையிலேயே கொஞ்சம் தண்ணீர் தொட்டுக் கிரீமைக் குழைப்பதற்குத்தான் பார்லர்களில் அப்படிச் சொல்கிறோம். இரண்டு மூன்று நிமிட வேலை. அதை விட்டுவிடுவதால் நெற்றியில் கறை, தலையணை உறையில் கறை, மறுநாள் தலையில் அரிப்பு என்று ஒவ்வொன்றாக வருகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரை கிரீம் டையைப் பற்றியது. ஒரு டியூபில் கிரீம், இன்னொரு பாட்டிலில் டெவலப்பர், இரண்டையும் கலந்து பூசுகிற, நரையை நிரந்தரமாக மறைக்கிற வகை. பொடி டை, மருதாணி, நீலம் பச்சை மாதிரியான கலர்கள் எல்லாம் வேறு கதை. அவற்றைக் கடைசியில் தொட்டுக்கொள்ளலாம்.

தயிரில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி

கெட்டித் தயிரை மோராக்க வேண்டும். பாத்திரத்தில் தயிரைப் போட்டு ஒரேயடியாக ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்தால் என்ன ஆகும்? மேலே வெளிறிய தண்ணீர், அடியில் கட்டி கட்டியாகத் தயிர். மத்தை விட்டால் கட்டிகள் தண்ணீரில் நழுவி ஓடுமே தவிர உடையாது. அதே தயிரை முதலில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுக் கடைந்து, கூழாக்கி, அப்புறம் மீதித் தண்ணீரை விட்டால் ஒரு கட்டி இல்லாமல் மோராகிவிடும். பஜ்ஜிக்குக் கடலை மாவு கரைப்பவர்களுக்கும் இது தெரியும்.

அரை மணி நேரம் தலையில் இருந்த டை கெட்டித் தயிரைவிட மோசமான நிலையில் இருக்கிறது. பூசும்போது வழவழப்பாக இருந்தது, காற்றுப் பட்டு ஈரம் குறைந்து, ஓரங்களில் பொருக்குத் தட்டிப் போயிருக்கும். அதன்மேல் ஷவரை முழுதாகத் திறந்தால், தண்ணீர் கிரீமின் மேல்பரப்பை மட்டும் கரைத்துக்கொண்டு நெற்றி, காது, கழுத்து வழியாக ஓடும். உள்ளே, முடியின் அடியில், பிடரியில், காதுக்குப் பின்னால் கிரீம் திட்டுத் திட்டாக அப்படியே நிற்கும். கறுப்புத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து நாம் அலசிவிட்டதாக நினைத்துக்கொள்வோம்.

முதலில் கையில் அள்ளிய அளவு தண்ணீர். குழைப்பது. அப்புறம் இன்னும் கொஞ்சம். தயிர் மோராகிற மாதிரி தலையில் கிரீம் நீர்த்துப்போன பிறகுதான் வாளித் தண்ணீர்.

டியூபுக்குள் இருப்பது

டைக் கிரீம் பார்க்க வெள்ளையாக, வெண்ணெய் மாதிரி இருக்கும். ஆனால் அது வெண்ணெய் வகை இல்லை, பால் வகை. இந்த வித்தியாசம் முக்கியம், கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பாலில் கொழுப்பு மிகச் சின்னத் துளிகளாக நீருக்குள் மிதக்கிறது. எண்ணெயும் நீரும் இப்படிப் பிரியாமல் ஒன்றுக்குள் ஒன்று துளிகளாக நிற்கிற கலவைக்குப் பால்மம் என்று பெயர். வெண்ணெயும் பால்மம்தான், ஆனால் தலைகீழ். அதில் கொழுப்புக்குள் நீர்த்துளிகள் மாட்டியிருக்கும். பாலில் தண்ணீர் ஊற்றினால் உடனே கலந்துவிடுகிறது, ஏனென்றால் வெளியே இருப்பது ஏற்கெனவே நீர். வெண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும்.

டைக் கிரீம் பாலைப் போல. மெழுகு மாதிரியான கொழுப்புப் பொருள்கள் (உறையில் சீட்டைல், ஸ்டியரைல், சீட்டியரைல் ஆல்கஹால் என்று போட்டிருக்கும்) துளிகளாக நீரில் நிற்கின்றன. பெயரில் ஆல்கஹால் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கிரீமுக்குக் கெட்டித்தன்மை தருவதற்காகச் சேர்க்கிற மெழுகுகள் அவை. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பிரிந்துபோகாமல் பிடித்து வைக்க இன்னொரு பொருள் வேண்டும். அதன் ஒரு முனை எண்ணெயோடு ஒட்டும், மறுமுனை நீரோடு ஒட்டும். அதைப் பால்மமாக்கி என்கிறோம். எண்ணெய்க் குளியலில் சீயக்காய் செய்வது இந்த வேலைதான். எண்ணெய்த் தலையில் வெறும் தண்ணீர் உருண்டு ஓடும். சீயக்காயில் இருக்கிற நுரைப்பொருள் ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு போகும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டைக் கிரீமுக்குள்ளேயே இந்தச் ‘சீயக்காய்’ நிறைய இருக்கிறது. கம்பெனியில் கிரீம் செய்யும்போதே சேர்த்ததுதான். அது தூங்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் தண்ணீரும் விரல் தேய்ப்பும் கிடைத்தால் வேலையைத் தொடங்கும். தலையில் ஊறியிருக்கிற எண்ணெய்ப்பசை, நெற்றி ஓரத்தில் தடவிய வாசலின், தோலில் ஒட்டிய டை எல்லாவற்றையும் துளித் துளியாகப் பிடித்து நீருக்குள் இழுத்துக்கொள்ளும். பார்லரில் பழகியவர்கள் “டையை டையாலேயே எடு” என்பது இதனால்தான்.

ஒரு சின்ன எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கண்டிப்பாகப் பேசினால் எமல்சிஃபை என்ற பெயர் இங்கே முழுக்கச் சரியில்லை. பால்மம் ஏற்கெனவே தயாராகித்தான் டியூபுக்குள் வருகிறது. நாம் செய்வது, காய்ந்து இறுகிப்போன பால்மத்தை மறுபடி இளக்கி, அதையே அழுக்கெடுக்கும் பொருளாகப் பயன்படுத்துவது. பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது, இருக்கட்டும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: டைக் கிரீம் பால் மாதிரியான கலவை, அதனால் தண்ணீரை ஏற்கும். ஆனால் காய்ந்துபோனதால் ஒரேயடியாக ஏற்காது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தால் அதற்குள் இருக்கிற பால்மமாக்கி தோலில் உள்ள கறையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரும்.

“அலசினால் கலர் போய்விடாதா?”

அரைகுறையாக அலசுகிறவர்கள் எல்லாருக்கும் உள்ளே இந்தப் பயம்தான். நியாயமான பயம்கூட. கறுகறுவென்று தண்ணீர் ஓடினால் காசு ஓடுகிற மாதிரித்தானே இருக்கும்?

கிரீம் டையில், டியூபிலிருந்து வரும்போது நிறம் கிடையாது, அல்லது மிகக் குறைவு. அதில் இருப்பவை நிறமாகப் போகிற சின்ன மூலக்கூறுகள். கறுப்பு டைகளில் பி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்கிற பாரா ஃபினைலீன் டையமீன் அந்த வகை. கிரீமில் இருக்கிற அம்மோனியாவோ அதற்குப் பதிலான காரமோ முடியை உப்ப வைத்து, மேலே ஓட்டுக்கூரை மாதிரி அடுக்கியிருக்கிற செதில்களை இளக்குகிறது. அந்த இடைவெளியில் சின்ன மூலக்கூறுகள் உள்ளே நுழைகின்றன. டெவலப்பரில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு, நரை மறைக்கப் பெரும்பாலும் 6 சதவீதம். அதுவும் உள்ளே போய் அந்தச் சின்ன மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோக்கிறது. கோத்து முடிந்தபோது நிறம் வருகிறது, அளவும் பெரிதாகிவிடுகிறது.

பிஞ்சுப் பூசணியைக் கொடியோடு ஒரு பானைக்குள் நுழைத்து வளர விட்டால் என்ன ஆகும்? காய் முற்றியபின் பானையின் வாய் வழியாக வெளியே வராது. முடிக்குள் இருக்கிற நிறம் அந்தப் பூசணி. எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றினாலும் அது அன்றைக்கு வெளியே வரப்போவதில்லை. நாளாக நாளாக, பல தடவை ஷாம்பு போட்டபின், கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். அது வேறு.

அப்படியானால் ஓடுகிற கறுப்புத் தண்ணீர் எது? பானைக்கு வெளியே காய்த்த பூசணிகள். கிரீமும் பெராக்சைடும் கலந்த கணத்திலிருந்தே கிண்ணத்திலும் பிரஷிலும், முடிக்கு வெளியே இருக்கிற கிரீமிலும் அதே கோப்பு நடந்துகொண்டிருக்கிறது. பூசும்போது வெளிறியிருந்த கிரீம் கண்ணெதிரே கறுத்துப்போவது அதனால்தான். அந்த நிறம் முடிக்குள் போகவே இல்லை, இனிப் போகவும் முடியாது, பெரிதாகிவிட்டது. அதைத் தலையில் வைத்துக்கொண்டிருப்பதால் முடி கூடுதலாகக் கறுக்காது. தலையணையும் துண்டும் சட்டைக் காலரும்தான் கறுக்கும்.

வெளியே தங்குவது நிறம் மட்டுமாக இருந்தால்கூடப் பரவாயில்லை. கோப்பு முடியாத பி.பி.டி.யும் காரமும் பெராக்சைடும் அதோடு சேர்ந்து தலைத்தோலில் கிடக்கின்றன. கலவையின் காரத்தன்மை பி.எச் கணக்கில் 9, 10 அளவில் இருக்கும். முடிக்குப் பழக்கமானது 5-க்குப் பக்கத்தில். காரம் தங்கினால் முடி உப்பியபடியே நிற்கும், சீப்பு சிக்கும், சொரசொரப்பாக இருக்கும். “டை போட்டதிலிருந்து முடி நார் மாதிரி ஆகிவிட்டது” என்று வருகிறவர்களில் சிலருக்கு, டையின் தரத்தைவிட அலசியது போதாததே காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சுருக்கமாக: உள்ளே போன நிறம் அலசினால் வராது. அலசும்போது வருவது உள்ளே போகாத நிறம். அது போகத்தான் வேண்டும்.

கறை ஏன் நெற்றியிலும் காதிலும்?

தோலின் மேலடுக்கும் முடியும் ஒரே புரதத்தால் ஆனவை, கெரட்டின். டைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தோலின் மேலடுக்கில் உலர்ந்த, உதிரப்போகிற செல்கள் இருப்பதால் கறை சில நாளில் தானாகப் போய்விடும். ஆனால் அந்தச் சில நாளுக்குள்தானே கல்யாண வீடு வருகிறது!

ஷவரை நேராகத் திறப்பதில் இன்னொரு தொல்லை. அதுவரை தலையில் மட்டும் இருந்த டை, முகத்துக்கும் முதுகுக்கும் போகிறது. தலையைக் குனிந்து அலசினால் கண்ணுக்கும். குழைத்து நீர்க்க வைத்த டை தண்ணீரோடு வேகமாக ஓடிப்போகும், ஒட்டி நிற்காது. நிமிர்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து அலசினால் முகத்துக்கும் வராது. பார்லரில் பின்னால் சாய்கிற பேசின் இருப்பது சொகுசுக்கு மட்டும் இல்லை.

அத்தையின் தலை

என் அத்தைக்கு 58 வயது. ஐந்து வாரத்துக்கு ஒரு முறை தானே டை அடித்துக்கொள்வார். முதுகின் பாதி வரை முடி, வகிட்டிலும் நெற்றி ஓரத்திலும்தான் நரை. மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் முடி வளர்வதால் ஐந்தாவது வாரம் வகிட்டில் வெள்ளைக் கோடு தெரிந்துவிடும். அவர் வீட்டுத் தலையணை உறைகளில் ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. டை அடித்த நாள் இரண்டு மக் தண்ணீர், மறுநாளும் ஷாம்பு கிடையாது. “கலர் பிடிக்கட்டும்டி” என்பார். போன தடவை நான் ஊரில் இருந்தேன். “அத்தை, இந்த ஒரு தடவை என் கையில் விடுங்கள்” என்றேன்.

30 மில்லி கிரீமுக்கு 30 மில்லி டெவலப்பர், அந்த உறையில் சொன்ன அளவு. (சில டைகளுக்கு ஒன்றுக்கு ஒன்றரை என்று இருக்கும், உறையில் உள்ளதையே பின்பற்ற வேண்டும்.) நெற்றி ஓரத்திலும் காது மடலிலும் வாசலின் மெல்லிய பூச்சு, முடியின்மேல் படாமல். முடியில் பட்டால் அந்த இடத்தில் டை சரியாகப் பிடிக்காது. நரை தெரிகிற வேர்ப்பகுதிக்கு மட்டும் பூசி முடித்தபின் உறையில் போட்டிருந்த நேரம், 30 நிமிடம்.

முப்பதாவது நிமிடம் கிரீம் கன்னங்கரேலென்று இருந்தது. நெற்றி ஓரத்தில் தொட்டால் பசையாக இழுத்தது. கையுறையைக் கழற்றவில்லை. குழைக்கும்போதும் கையுறை வேண்டும், நிறைய பேர் இங்கேதான் கழற்றிவிட்டு நகமெல்லாம் கறுப்பாக்கிக்கொள்கிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு கையையும் நனைத்து, தலையில் வைத்தேன். தண்ணீர் அவ்வளவுதான், கையில் நின்ற அளவு, இரண்டு மூன்று தேக்கரண்டி இருக்கும்.

நெற்றி ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். விரல் நுனியின் சதைப்பகுதியால், நகம் படாமல், சின்னச் சின்ன வட்டமாக. நகம் பட்டுக் கீறினால் அந்த வழியாக டை தோலுக்குள் போகும், எரியும். முதல் அரை நிமிடம் ஒன்றும் ஆகவில்லை, கிரீம் கையோடு இழுபட்டது. மறுபடி கையை நனைத்தேன். இப்போது வழுக்கத் தொடங்கியது. இன்னொரு தடவை நனைத்தபோது பழுப்பு நுரை வந்தது. அந்த நுரையாலேயே நெற்றித் தோலில் இருந்த கறைக் கோட்டைத் தேய்த்தேன், இளகி வந்தது. ஈரப்பஞ்சால் உடனே துடைத்துவிட்டேன். இளகிய கறையை அங்கேயே விட்டுவைத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் காதுக்கு முன்னால், பின்னால், பிடரி, கடைசியாக உச்சி. பிடரிக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். கண்ணுக்குத் தெரியாத இடம், முடியும் அங்கே அடர்த்தி. வேர்ப்பகுதி முழுக்கத் தயிர்ப் பதத்திலிருந்து மோர்ப் பதத்துக்கு வர மூன்று நிமிடம் ஆனது. நீளமான பகுதியைத் தேய்க்கவே இல்லை. அங்கே ஏற்கெனவே பழைய டை இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் நுரையை நுனி வரை இழுத்தால் நுனி மட்டும் மைக்கறுப்பாகிக்கொண்டே போகும். வேரும் நுனியும் ஒரே நிறமாக இல்லாமல் நுனி வெளிறிப்போனவர்களுக்கு வேண்டுமென்றே கடைசி ஐந்து நிமிடம் இழுத்து விடுவதுண்டு. அத்தைக்குத் தேவைப்படவில்லை.

தண்ணீர் ஏன் வெதுவெதுப்பாக? கிரீமில் உள்ள மெழுகு குளிர்ந்த நீரில் இறுகும், இளஞ்சூட்டில் இளகும். அதற்காகச் சூடான தண்ணீர் வேண்டாம். அரை மணி நேரம் காரமும் பெராக்சைடும் பட்ட தோல் சூட்டைத் தாங்காது. மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது.

இதற்கு அப்புறம்தான் வாளி. பின்னால் சாய வைத்து, மக்கில் மொண்டு, விரல்களை முடிக்குள் விட்டுக் கோதியபடி ஊற்றினேன். முதல் ஐந்தாறு மக் மை மாதிரி. பத்தாவது மக்கில் டீ நிறம். அத்தை முன்பெல்லாம் இரண்டாவது மக்கோடு எழுந்துவிட்டார் என்றால், எவ்வளவு டை தலையிலேயே தங்கியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டில் போர் தண்ணீர், உப்பு அதிகம். சில டைக் கிரீம்களில் சோப்பு மாதிரியான பொருளும் இருப்பதால் உப்புத் தண்ணீரில் நுரை சரியாக வராமல் திரிதிரியாகத் திரளும். அங்கே ஒரு வாளி கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். மொத்தம் ஒன்றரை வாளி ஆனது. குளியலறைத் தரையிலும் மக்கிலும் தெறித்ததை அப்போதே கழுவிவிட்டேன், காய்ந்தால் டைல்ஸ் இடுக்கில் நின்றுவிடும்.

தண்ணீர் ஏறக்குறைய தெளிந்தபின் மென்மையான ஷாம்பு ஒரு தடவை. அதன் நுரை முதலில் சாம்பல் நிறமாக வந்தது, அதனால் இன்னொரு தடவை. இரண்டாவது நுரை வெள்ளை. பிறகு உறையோடு வந்த கண்டிஷனர், மூன்று நிமிடம். கண்டிஷனரில் லேசான புளிப்புத் தன்மை இருக்கும். மிச்சமிருக்கிற காரத்தை அது தணித்து, முடியின் செதில்களைப் படிய வைக்கும். அதையும் அலசி முடித்தோம்.

“கலர் இருக்காடி?” என்றார் அத்தை. கண்ணாடியைக் கொடுத்தேன். வகிட்டில் வெள்ளைக் கோடு இல்லை.

ஷாம்புவை முதலிலேயே போடாதது ஏன் என்று கேட்கலாம். போட்டாலும் கிரீம் போகும். ஆனால் திட்டுத் திட்டாக இருக்கிற கிரீமின்மேல் ஷாம்பு போட்டால் அது மேலாக நுரைத்து, அடியில் உள்ளதை விட்டுவிடும். தேய்த்துத் தேய்த்து இரண்டு மூன்று தடவை போட வேண்டியிருக்கும். அப்போதுதான் உப்பியிருக்கிற முடிக்கு அந்த முரட்டுத்தனம் நல்லதில்லை.

எப்போது நிறுத்துவது

தண்ணீர் தெளிந்தால் போதும் என்று எல்லா உறையிலும் போட்டிருக்கும். ஆனால் ஓடுகிற தண்ணீர் ஏமாற்றும். உச்சியிலிருந்து வழிகிற தண்ணீர் தெளிவாகவும் பிடரியில் கிரீம் கெட்டியாகவும் இருக்கிற தலைகள் எத்தனையோ பார்த்தாயிற்று. எனக்குப் பிடித்த சோதனை பழைய வெள்ளை வேட்டித் துண்டு. ஈரமான தலையில் நான்கு இடத்தில் ஒற்றி எடுக்க வேண்டும்: நெற்றி ஓரம், இரண்டு காதின் பின்புறம், பிடரி. துணியில் சாம்பல் நிழல் லேசாக விழுந்தால் பரவாயில்லை. புள்ளியாகவோ கோடாகவோ கறுப்பு விழுந்தால் அங்கே இன்னும் கிரீம் இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் மறுபடி நனைத்துக் குழைத்து அலசினால் போதும், முழுத் தலைக்கும் வேண்டாம்.

விரலும் சொல்லிவிடும். தோலைத் தொட்டால் வழவழவென்று வழுக்கினால் கிரீம் அல்லது கண்டிஷனர் மிச்சம். காய்ந்தபின் வகிட்டில் பொடுகு மாதிரிக் கறுப்புத் துகள் உதிர்ந்தால், அது குழைக்காமல் விட்ட பொருக்கு.

அரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அலசாமல் விட்டதால் வருகிற அரிப்பு, நன்றாக அலசினால் அடங்கும். ஆனால் பி.பி.டி. ஒவ்வாமை வேறு. நெற்றி, கண்ணிமை, காது வீங்குவது, கொப்புளம், நீர் வடிவது எல்லாம் அதன் அடையாளம். ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட வரும். அதற்கு எமல்சிஃபை செய்வது மருந்தில்லை, நிறைய தண்ணீரில் அலசிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். 48 மணி நேரத்துக்கு முன்பே கொஞ்சம் தடவிப் பார்க்கச் சொல்லி உறையில் எழுதியிருப்பதும் இதற்காகத்தான். முன்பு ஒரு முறை வந்தவர்கள், எவ்வளவு நன்றாக அலசினாலும், அந்த வகை டையைத் தொடவே கூடாது.

எதற்கெல்லாம் இது பொருந்தாது

தண்ணீரில் கரைத்துப் பூசுகிற பொடி டையில் எண்ணெய்ப் பகுதி பெரிதாக இல்லை, கெட்டிக்குப் பசைப்பொருள்தான் இருக்கும். அதனால் அதில் பால்மம் என்ற பேச்சே இல்லை, டையை டையால் எடுக்கிற வித்தை அவ்வளவாக நடக்காது. இருந்தாலும் காய்ந்த பசையை முதலில் நனைத்து ஊற வைத்து இளக்குவது அங்கேயும் வேண்டும். மாவு காய்ந்த பாத்திரத்தை ஊற வைக்கிற மாதிரி.

அரைத்த மருதாணியில் இலைத்துகள்தான் சிக்கல். தேய்த்தால் முடிக்குள் இன்னும் சிக்கும். வாளித் தண்ணீரில் தலையை அமிழ்த்தி அசைத்தால் துகள் தானாக உதிர்ந்து வரும், மிச்சத்தைக் கண்டிஷனர் வழுக்கி எடுக்கும். ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கிற பொடிகளில் பி.பி.டி. கலந்திருப்பது சாதாரணம், அவற்றைப் பொடி டை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

நீலம், ஊதா, இளஞ்சிவப்பு மாதிரியான கலர்களில் பலவும் டெவலப்பர் இல்லாமல் பூசுபவை. அவற்றின் நிறம் முடியின் மேல்பகுதியில்தான் நிற்கிறது, பானைக்குள் பூசணி கிடையாது. அங்கே மட்டும் “அலசினால் கலர் போகும்” என்ற பயம் உண்மை. குளிர்ந்த தண்ணீர், குறைந்த தேய்ப்பு. முடியில் சில கீற்றுகளை மட்டும் வெளுத்து வைத்திருப்பவர்களுக்கு வேரில் கறுப்பு டை போட்டால் நான் குழைப்பதே இல்லை, குழைத்தால் கறுப்பு நுரை வெளுத்த கீற்றில் ஏறி மண் நிறமாக்கிவிடும். அந்தத் தலைகளில் கீற்றுகளைத் தனியாகப் பிரித்துப் பின்னுக்குப் பிடித்துக்கொண்டு, வேரை மட்டும் ஒரு பக்கமாக அலசி இறக்க வேண்டும். தனியாளாக வீட்டில் செய்ய வராது, பக்கத்தில் இன்னொருவர் மக்கோடு நிற்க வேண்டும்.